புகார் சாட் எப்படி முடிந்தது: எந்தச் செய்தியை வைத்துச் சொல்வது?

கேள்வி: "வங்கி ஒன்றின் வாடிக்கையாளர் சேவைக் குழுவில் இருக்கிறேன். பழைய புகார் சாட்களைப் படித்து, ஒவ்வொன்றும் தீர்ந்ததா, தீரவில்லையா, மேலிடத்துக்கு எஸ்கலேட் ஆனதா என்று எழுத வேண்டும். எந்தச் செய்தியை வைத்து அப்படி முடிவு செய்தோம் என்று அதன் எண்ணையும் போட வேண்டும். ஒரே சாட்டுக்கு மூன்று பேர் மூன்று விதமாக எழுதுகிறோம். எப்படிப் பார்ப்பது?"

பெரும்பாலும் இந்தக் குழப்பம் எல்லோரும் கடைசிச் செய்தியைப் பார்ப்பதால்தான் வருகிறது. சாட்டின் கடைசிச் செய்தி ஒரு நன்றியாகவோ, ஒரு ஸ்மைலியாகவோ, தானாக வரும் மூடல் அறிவிப்பாகவோ இருக்கும். புகாரின் நிலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நீங்கள் தேட வேண்டியது புகாரின் நிலையைக் கடைசியாக மாற்றிய செய்தியை. அதற்குப் பிறகு எத்தனை செய்தி வந்தாலும் நிலை அப்படியேதான் இருக்கும் என்றால், அதுதான் முடிவைத் தீர்மானித்த செய்தி.

அதைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். கோபம், கதை, பழைய அனுபவம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, எது கையில் கிடைத்தால் இவர் போய்விடுவார் என்று மட்டும் பாருங்கள். இதை எழுதாமல் படிக்க ஆரம்பித்தால், ஏஜென்ட் எவ்வளவு மரியாதையாகப் பேசினார் என்பதை வைத்து மனம் முடிவெடுத்துவிடும். பதமாகப் பேசிய சாட் தீர்ந்த மாதிரியும், சண்டை போட்ட சாட் தீராத மாதிரியும் தெரியும். இரண்டுமே தவறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விளக்கத்துக்காக ஒரு சாட்டை எழுதுகிறேன். உங்கள் வங்கியிலும் இந்த மாதிரி வந்துகொண்டேதான் இருக்கும். வாடிக்கையாளர் 2ஆம் தேதி ஒரு துணிக்கடையில் யுபிஐயில் பணம் கட்டியிருக்கிறார். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடைக்கு வரவில்லை.

1. வாடிக்கையாளர் (4ஆம் தேதி): "2ஆம் தேதி துணிக்கடையில 2,340 ரூபாய் யுபிஐல கட்டினேன். என் கணக்குல கழிஞ்சிடுச்சு, கடைக்காரர் வரலன்னு சொல்லிட்டார். மறுபடி கட்டிட்டு வந்தேன். முதல்ல போன பணம் திரும்ப வேணும்."
2. ஏஜென்ட்: "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். யூடிஆர் எண்ணை அனுப்ப முடியுமா?"
3. வாடிக்கையாளர்: (12 இலக்க எண்ணை அனுப்புகிறார்)
4. ஏஜென்ட்: "சார், கடைத் தரப்பில் இந்தப் பணம் சேரவில்லை. 7ஆம் தேதிக்குள் தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். புகாரைப் பதிவு செய்துவிட்டேன்."
5. வாடிக்கையாளர்: "சரிங்க, ரொம்ப நன்றி."
6. தானியங்கி: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. இந்த உரையாடல் மூடப்படுகிறது."
7. வாடிக்கையாளர் (9ஆம் தேதி): "இன்னும் பணம் வரல. 7ஆம் தேதின்னு சொன்னீங்க. உங்க மேனேஜர்கிட்ட பேசணும். இல்லன்னா ரிசர்வ் வங்கிக்கு எழுதிடுவேன்."
8. ஏஜென்ட்: "புரிகிறது சார். மேலதிகாரிகளின் கவனத்துக்குக் கண்டிப்பாகக் கொண்டு செல்கிறேன்."
9. வாடிக்கையாளர்: "யார்கிட்ட? எப்போ?"
10. ஏஜென்ட்: "தகராறு தீர்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டேன் சார். அங்கே உங்கள் புதிய டிக்கெட் எண் இது. நாளைக்குள் அவர்களே இந்த சாட்டில் பதில் தருவார்கள்."
11. தகராறு தீர்வுப் பிரிவு (10ஆம் தேதி): "2,340 ரூபாய் இன்று காலை உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. மூன்று நாள் தாமதத்துக்கு 300 ரூபாய் இழப்பீடும் சேரும்."
12. வாடிக்கையாளர்: "2,340 வந்துருச்சு. 300 வரலியே?"
13. தகராறு தீர்வுப் பிரிவு: "அது தனியாக வரும் சார், இன்று இரவுக்குள் வந்துவிடும்."
14. வாடிக்கையாளர்: "சரி, பார்க்கலாம்."

இந்த 300 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால்தான் சாட்டைச் சரியாகப் படிக்க முடியும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில், தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்குக் கெடு வைத்தது. யுபிஐயில் கடைக்குக் கட்டிய பணம் கழிக்கப்பட்டு, கடைக்கு உறுதிச் செய்தி போகாமல் இருந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி அதைக் கொடுக்க வேண்டும். 2ஆம் தேதி கட்டிய பணத்துக்குக் கெடு 7ஆம் தேதி. 10ஆம் தேதி வந்ததால் 8, 9, 10 என்று மூன்று நாள், 300 ரூபாய். ஆக ஏஜென்ட் 4ஆம் செய்தியில் சொன்ன தேதியும் சரி, 11ஆம் செய்தியில் சொன்ன தொகையும் சரி. விதி தெரியாமல் படிப்பவர் அந்த 300 ரூபாயை ஏதோ நல்லெண்ணத்தில் கொடுத்த சலுகை என்று நினைத்து விட்டுவிடுவார். அங்கேயே முடிவு மாறிவிடும்.

இப்போது சாட்டை இடையிடையே நிறுத்திப் பார்க்கலாம்.

6ஆம் செய்தியோடு சாட் நின்றிருந்தால் முடிவு என்ன? உங்கள் குழுவில் ஒருவராவது 5ஐக் காட்டி "தீர்ந்தது" என்று எழுதியிருப்பார். வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டாரே, சிஸ்டமும் மூடிவிட்டதே என்பார். ஆனால் கேட்டது 2,340 ரூபாய், கிடைத்தது ஒரு தேதி. அவர் "சரி" என்றது அந்தத் தேதிக்குத்தான். நம் ஊரில் உதவி கேட்டவர் பதில் கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார், வேலை முடிந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 6ஆம் செய்தி வங்கியின் கணக்கு வழக்குக்காக வருவது. நேரம் கடந்தால்கூட அது தானாக வரும். எந்த முடிவுக்கும் அதை ஆதாரமாகக் காட்டவே கூடாது என்று உங்கள் குழுவில் விதியாகவே வைத்துவிடுங்கள். இங்கே முடிவு "தீரவில்லை", தீர்மானித்த செய்தி 4.

ஏன் 4, ஏன் 1 இல்லை? "தீரவில்லை" என்ற முடிவுக்கு எந்தச் செய்தியைக் காட்டுவது என்பதில்தான் குழுக்கள் அதிகம் தடுமாறுகின்றன. தீர்ந்ததற்கு ஒரு செய்தி இருக்கும், தீராததற்கு ஒன்றுமே இருக்காதே என்று நினைப்பார்கள். நான் வைத்திருக்கும் வழி இது: மிச்சமிருக்கும் கோரிக்கைக்கு நிறுவனம் கடைசியாகச் சொன்ன பதிலைக் காட்டுங்கள். அது மறுப்பாக இருக்கலாம், வாக்குறுதியாக இருக்கலாம், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத பதிலாகவும் இருக்கலாம். அந்தப் பதிலுக்குப் பிறகு வாடிக்கையாளர் திரும்பி வந்து "இன்னும் ஆகல" என்று சொல்லி, அதற்கு நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால், வாடிக்கையாளரின் அந்தச் செய்தியைக் காட்டுங்கள். அதன்படி, இந்த சாட் 7உடன் நின்றிருந்தால் முடிவு "தீரவில்லை", செய்தி 7.

7ஆம் செய்தியில் இன்னொரு பொறி இருக்கிறது. மேனேஜர், ரிசர்வ் வங்கி என்ற சொற்களைப் பார்த்ததும் கை தானாக "எஸ்கலேட்" என்று எழுதப் போகும். வாடிக்கையாளர் கேட்பதாலோ மிரட்டுவதாலோ புகார் இடம் மாறிவிடாது. இந்த மிரட்டல் நடைமுறையில் உடனே பலிக்கவும் செய்யாது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு முன்னால் வங்கியிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதை வங்கி நிராகரித்திருக்க வேண்டும், அல்லது பதில் திருப்தியாக இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது 30 நாளாகப் பதிலே வராமல் இருக்க வேண்டும். இங்கே புகார் கொடுத்து 5 நாள்தான் ஆகிறது. ஆனால் வாடிக்கையாளர் "குறைதீர்ப்பாளரிடம் பதிவு செய்துவிட்டேன், புகார் எண் இது" என்று எழுதினால் கதை வேறு. புகார் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. நான் அதை எஸ்கலேட் என்றே எழுதுவேன், வாடிக்கையாளரின் அந்தச் செய்தியையே ஆதாரமாகக் காட்டுவேன்.

8ஆம் செய்தியும் எஸ்கலேட் இல்லை. "கவனத்துக்குக் கொண்டு செல்கிறேன்" என்பது சேவை மைய மொழியில் ஆறுதல் வார்த்தை. யாரிடம் போகிறது என்று இல்லை, போனதற்கு அடையாளமும் இல்லை. வாடிக்கையாளரே அதைப் பிடித்துக்கொண்டு 9இல் "யார்கிட்ட? எப்போ?" என்று கேட்டுவிட்டார். எஸ்கலேட் என்று எழுத நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். ஒப்படைப்பு நடந்து முடிந்ததாகச் சொல்லியிருக்க வேண்டும், இப்போது புகார் யாருடைய பொறுப்பு என்பது தெரிய வேண்டும். டிக்கெட் எண் இருந்தால் இன்னும் உறுதி. 10இல் மூன்றும் இருக்கின்றன. சாட் அங்கே நின்றிருந்தால் முடிவு "எஸ்கலேட் ஆனது", செய்தி 10. மேனேஜரைக் கேட்டது 7இல்தான் என்பதற்காக 7ஐக் காட்டக் கூடாது. கேட்டது அங்கே, நடந்தது இங்கே.

ஒரே குழுவுக்குள் இன்னொரு ஏஜென்ட் கைக்கு மாறுவதை எஸ்கலேட் என்று எழுதாதீர்கள். ஷிப்ட் முடிந்து ஆள் மாறுவதும், தமிழ் தெரிந்தவருக்கு மாற்றிவிடுவதும் வெறும் கைமாற்றம். புதியவருக்குப் பழையவரைவிட அதிக அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைத் திருப்பித் தரவோ, விதிவிலக்குக் கொடுக்கவோ, கடையின் வங்கியோடு நேரடியாகப் பேசவோ அவரால் முடிந்தால்தான் அது மேலே போனதாகும்.

சரி, முழு சாட்டுக்கு வருவோம். எஸ்கலேட் ஆன புகார் அதே சாட்டில் தீர்ந்துவிட்டால் முடிவு "தீர்ந்தது". நடுவில் மேலே போனது என்பது வழியில் நடந்தது, அதைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். ஆகவே 10ஐக் காட்டி எஸ்கலேட் என்று எழுதுபவர் பாதியில் நிறுத்திவிட்டார். மிச்சம் 11 முதல் 14 வரை.

11இல் வங்கி பணம் போட்டதாகச் சொல்கிறது. 12இல் வாடிக்கையாளர் "வந்துருச்சு" என்கிறார். முதலில் கேட்ட 2,340க்கு இது போதும். இந்த இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டி வந்தால் நான் 12ஐத்தான் காட்டுவேன். வரவு வைத்தோம் என்பது ஒரு தரப்பின் கூற்று, வந்துவிட்டது என்பது கையில் பெற்றவரின் சாட்சி. வாடிக்கையாளர் 11க்குப் பிறகு பேசாமலே போயிருந்தால்? அப்போது 11ஐ வைத்தே தீர்ந்ததாக எழுதலாம், ஏனென்றால் அது நடந்து முடிந்த செயலைத் தொகையோடும் நாளோடும் சொல்கிறது, கணக்கைத் திறந்து சரிபார்க்கவும் முடியும். "ரீஃபண்ட் செயல்பாட்டில் இருக்கிறது", "இனிஷியேட் செய்யப்பட்டது" என்று மட்டும் இருந்து வாடிக்கையாளர் மௌனமாகிவிட்டால் நான் தீர்ந்தது என்று எழுத மாட்டேன்.

இனி அந்த 300 ரூபாய். வாடிக்கையாளர் முதலில் அதைக் கேட்கவே இல்லை. அதனால் புகார் 12இலேயே தீர்ந்துவிட்டது, 300 வேறு விஷயம் என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் முடிவு "தீரவில்லை". இழப்பீடு அதே பரிவர்த்தனையின் தாமதத்துக்கு உரியது, வங்கியே 11இல் அதைத் தர ஒப்புக்கொண்டது, வாடிக்கையாளர் 12இல் வரவில்லை என்று கேட்டுவிட்டார். கேட்ட கணத்திலிருந்து அது கோரிக்கையின் பகுதி. நீங்கள் முதலில் எழுதி வைத்த ஒரு வாக்கியத்தை இங்கே திருத்த வேண்டும்: "2,340 ரூபாயும் 300 ரூபாய் இழப்பீடும் வேண்டும்." இதே ஆள் 12இல் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு பற்றி எதையாவது கேட்டிருந்தால், அது புதிய புகார், இந்த முடிவைத் தொடாது. ஒரே நிகழ்விலிருந்து முளைத்ததா இல்லையா என்பதுதான் இங்கே எல்லைக்கோடு.

தீர்மானித்த செய்தி எது? 12 என்று சொல்லத் தோன்றும், குறை அங்கேதான் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்கு வங்கி 13இல் பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதில் மறுபடியும் ஒரு வாக்குறுதி. மிச்சமிருக்கும் கோரிக்கைக்கு நிறுவனத்தின் கடைசி பதில் 13, ஆகவே 13தான். 14இல் உள்ள "சரி, பார்க்கலாம்" நிலையை மாற்றவில்லை. ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. ஒருமுறை 7ஆம் தேதி என்று சொல்லி ஏமாந்தவர், இந்த முறை காத்திருந்து பார்க்கிறேன் என்கிறார். நான் எழுதும் பதிவு இப்படி இருக்கும்:

முடிவு: தீரவில்லை. செய்தி: 13, "அது தனியாக வரும் சார், இன்று இரவுக்குள் வந்துவிடும்." காரணம்: அசல் 2,340 வந்தது (12), இழப்பீடு 300க்கு வாக்குறுதி மட்டுமே. இடையில் 10இல் எஸ்கலேட் ஆனது.

எண்ணோடு செய்தியின் சொற்களையும் அப்படியே எடுத்து எழுதுங்கள். தானியங்கி அறிவிப்புகளை ஒருவர் எண்ணிக்கையில் சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். உங்கள் 13 அவருடைய 12 ஆகிவிடும். சொற்கள் பக்கத்தில் இருந்தால் இது கருத்து வேறுபாடா, எண்ணியதில் வந்த வேறுபாடா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். மூல சாட்டில் இருக்கும் எல்லா வரிகளுக்கும், தானியங்கி உட்பட, முன்பே எண் போட்டுக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

தமிழில் வரும் சாட்களில் வினைச்சொல்லின் காலத்தை உற்றுப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிடும். "வந்துருச்சு", "சரியாயிடுச்சு", "போட்டுட்டோம்" எல்லாம் நடந்தவை. "வந்துரும்", "பண்ணித் தர்றோம்", "பாத்துக்கிறோம்" எல்லாம் நடக்காதவை. "வந்துரும்னு சொன்னாங்க" என்று வாடிக்கையாளர் எழுதினால் அதில் இறந்த காலம் சொன்னதற்குத்தான், வந்ததற்கு இல்லை. அவசரத்தில் படிப்பவர்கள் இதில் வழுக்கி விழுவதை நிறையப் பார்க்கலாம். குத்தலாகச் சொல்லும் நன்றியையும் கவனியுங்கள். "ரொம்ப நல்ல சர்வீஸ், நன்றி" என்பதற்கு முந்தைய செய்தி "இதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்றால், அது பாராட்டு இல்லை. நன்றியை எப்போதும் அதற்கு முந்தைய செய்தியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு வகை, வாடிக்கையாளர் கேட்டது கிடைக்காமலே முடியும் சாட். கேட்டது கிடைக்கவில்லை என்றாலே தீரவில்லை என்று எழுதிவிடக் கூடாது. கணக்கிலிருந்து காரணமில்லாமல் பணம் பிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் வருகிறார். அது அவர் டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணம் என்று ஏஜென்ட் காட்டுகிறார். "ஆமா, போன வருஷமும் இதே மாதம்தான் பிடிச்சாங்க, மறந்துட்டேன்" என்று அவர் எழுதினால், புகாரின் அடிப்படையே நீங்கிவிட்டது. அது தீர்ந்தது, அந்தச் செய்திதான் ஆதாரம். அதே இடத்தில் "விட்டுடுங்க, உங்ககிட்ட பேசிப் பிரயோஜனமில்ல" என்று எழுதினால், அவர் கோரிக்கையைக் கைவிட்டது சலிப்பில். தீரவில்லை. இரண்டிலும் வாடிக்கையாளர் விலகித்தான் போகிறார். எதனால் விலகினார் என்பதை அவர் வாய்மொழியே காட்டிக் கொடுக்கும். காட்டவில்லை என்றால், வெறும் "ஓகே" மட்டும்தான் இருக்கிறது என்றால், நான் தீரவில்லை பக்கமே நிற்பேன். தீராததைத் தீர்ந்தது என்று மூடிவிட்டால் அந்தப் புகாரை அப்புறம் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். மாற்றி எழுதினால் இழப்பு ஒரு அழைப்பு மட்டுமே.

உங்கள் மூவரின் வேறுபாட்டை அளக்கும்போது முடிவையும் செய்தி எண்ணையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். முடிவு ஒன்றாகி, ஒருவர் 11ஐயும் இன்னொருவர் 12ஐயும் காட்டினால், யார் சொல்லை ஆதாரமாக எடுப்பது என்ற விதி மட்டும்தான் இடிக்கிறது. ஒரு மணி நேரம் பேசினால் சரியாகிவிடும். ஒருவர் 5, ஒருவர் 10, ஒருவர் 13 என்று காட்டினால், மூவரும் கோரிக்கையை வேறு வேறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அல்லது ஒருவர் பாதியில் நிறுத்தியிருக்கிறார். அப்போது முடிவைப் பற்றி வாதாடாமல், முதலில் எழுதி வைத்த அந்த ஒற்றை வாக்கியங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பதிவில் நீங்கள் படித்த கடைசிச் செய்தியின் தேதியையும் நேரத்தையும் போடுங்கள். 11ஆம் தேதி காலையில் இதே வாடிக்கையாளர் "300ம் வந்துருச்சு" என்று ஒரு வரி போட்டால், அது 15ஆம் செய்தி, முடிவு "தீர்ந்தது" என்று மாறும், ஆதாரம் 15. அப்போது பழைய பதிவை அழிக்க வேண்டாம். 10ஆம் தேதி வரைக்கும் அது சரியான பதிவுதான். புதியதை அதன் கீழே சேர்த்து எழுதுங்கள்.